இரு வேளையில் ஐந்து தேர்வு

ஐந்து தேர்வுகளைக் காலை, மாலை என ஒரே நாளில் முடிக்க இயலுமா? சனத்நகர் அறையில் இப்பயிற்சிக் கணக்கோடு அமர்ந்தேன். பாடங்களைப் புள்ளிகளாக்கி, ஒரு மாணவராவது இரண்டையும் எழுதுவாராயின் இடையே கோடிட்டேன்: தமிழ்–கணிதம், கணிதம்–பௌதிகம், பௌதிகம்–இரசாயனம், இரசாயனம்–வரலாறு, வரலாறு–தமிழ். தமிழுக்குக் காலை என்று சிவப்பு பூசினேன். அதனோடு இணைந்த கணிதமும் வரலாறும் மாலைக்குரிய நீலமாயின. அவற்றை அடுத்த பௌதிகமும் இரசாயனமும் சிவப்பாயின. ஆனால் அவ்விரண்டிற்கும் இடையே கோடு உண்டே! என் கைப்பிழையென்றே முதலில் ஐயுற்றேன். நீலத்தில் தொடங்கியும் அதே முட்டுதான். காரணம், கோடுகள் ஐந்தும் ஒற்றைப்படை வளையம். நிறம் மாறிமாறிச் சுற்றிவந்தால் இறுதியில் பொருந்தாது. அத்தகைய வளையம் எதுவுமில்லாத வரைபடத்துக்கே இரு நிறம் போதும். இரசாயனத்தை மறுநாள் காலைக்கு ஒதுக்கினேன். மூன்று வேளையில் சிக்கல் தீர்ந்தது.