ஒரே கிருமியா, வேறு கிருமியா? தொற்று பரவிய வழியைக் காட்டும் மரபணு எழுத்துகள்

மருத்துவமனையில் தங்கியிருப்பவரின் மூக்கில் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுக்கும்போது, "காய்ச்சலே இல்லையே, இந்தச் சோதனை எதற்கு?" என்று உடனிருப்போர் வினவுவதுண்டு. அதே வார்டில் மற்றொருவருக்கும் அதே பெயருள்ள கிருமி காணப்பட்டது என்று தெரிந்தால், "அவரிடமிருந்துதான் எங்களுக்கு வந்ததா?" என்ற அடுத்த வினா எழும். இரண்டும் நியாயமான வினாக்கள். இங்கிலாந்தில் பச்சிளங்குழந்தைகள் பிரிவொன்றில் நடந்த ஒரு நிகழ்வைக் கொண்டு இவற்றுக்கு விடை கூற விழைகிறோம்.

பெயர் ஒன்றாயின் கிருமியும் ஒன்றா?

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, நலமாக இருக்கும் பலருடைய மூக்கிலும் தோலிலும் எத்தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. வழக்கமான சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்குக் கட்டுப்படாத அதன் வகையே எம்.ஆர்.எஸ்.ஏ. எனப்படுவது. ஒரே வார்டில் இருவரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்பட்டால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது சென்றது என்று உடனே முடிவு செய்துவிட இயலாது. ஒரே ஊரில் முருகன் என்ற பெயருடைய இருவர் இருப்பதனாலேயே அவர்கள் உறவினர் ஆகிவிடுவதில்லை அல்லவா?

இதைத் தெளிவுபடுத்த மருத்துவமனைகள் நெடுங்காலமாக இரண்டு சான்றுகளை நம்பி வந்துள்ளன. யார், எந்த நாளில், எந்தப் படுக்கையில் இருந்தார் என்ற பதிவு ஒன்று. எந்தெந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்ற சோதனைப் பட்டியல் மற்றொன்று. இரண்டும் பயனுள்ளவையே, ஆயினும் போதுமானவை அல்ல. உறவே இல்லாத இரு கிருமிகளுக்கு ஒரே மருந்துப் பட்டியல் அமையலாம். ஒரே கிருமியின் வழித்தோன்றல்களுள் ஒன்று, மருந்தை எதிர்க்கும் மரபணு ஒன்றை இழந்து வேறு பட்டியலைக் காட்டவும் கூடும்.

படியெடுப்பில் நேரும் பிழைகள்

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸின் முழு மரபணுத்தொகை ஏறத்தாழ 28 லட்சம் எழுத்துகளால் ஆனது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் நீண்ட ஏடு அது. கிருமி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அந்த ஏடு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. மிக அரிதாக ஓர் எழுத்து மாறிவிடும். அந்த மாற்றம் பின்வரும் எல்லாப் படிகளிலும் தொடரும்.

பழைய ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிய பதிப்பாசிரியர்கள் அறிந்த உண்மையே இது. இரண்டு சுவடிகள் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்டிருந்தால், அவை பொதுவான ஒரு மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டவை என்று அவர்கள் கருதினார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியில் இவ்வாறு நிலைபெறும் மாற்றம், தோராயமாக ஆறு வாரங்களுக்கு ஒன்று என்ற அளவில் நிகழ்கிறது. எனவே சென்ற மாதம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் சென்ற கிருமியானால், 28 லட்சம் எழுத்துகளில் ஓரிரு வேறுபாடுகளே இருக்கும், அல்லது ஒன்றுமே இராது. தொடர்பற்ற இரு கிருமிகளுக்கிடையே நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ வேறுபாடுகள் காணப்படும்.

ஆய்வகத்தில் நடப்பது

பஞ்சுக்குச்சியில் ஒட்டிய கிருமிகளை முதலில் வளர்ப்புத்தட்டில் வளர்க்கிறார்கள். தட்டில் புள்ளி புள்ளியாகத் தோன்றும் திரள்களுள் ஒன்றைத் தேர்ந்து, அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கிறார்கள். அது சிறு சிறு துண்டுகளாக்கப்படுகிறது. வரிசையாக்கக் கருவி அத்துண்டுகளை லட்சக்கணக்கில் படிக்கிறது. பிறகு கணினி அவற்றை முன்பே அறியப்பட்ட ஒரு மரபணுத்தொகையின்மீது பொருத்தி, எந்தெந்த இடத்தில் எழுத்து மாறியுள்ளது என்று பட்டியலிடுகிறது.

ஒவ்வோர் இடமும் ஒருமுறை மட்டும் படிக்கப்பட்டால் கருவியின் பிழையைக் கிருமியின் மாற்றமாகக் கருதிவிட நேரும். ஆதலால் ஒரே இடம் பல பத்துத் தடவைகள் படிக்கப்படுகிறது. படித்தவற்றுள் ஏறக்குறைய அனைத்தும் ஒரே எழுத்தைக் காட்டினால்தான் அது ஏற்கப்படும். பல இடங்களில் பாதித் துண்டுகள் ஓர் எழுத்தையும் மீதிப் பாதி வேறோர் எழுத்தையும் காட்டினால், இரண்டு கிருமிகள் கலந்துவிட்டன என்று ஐயுற வேண்டும். அத்தகைய மாதிரி மீண்டும் தூய்மையாக வளர்க்கப்படும்.

வேறுபாடுகளை எண்ணுவது மட்டும் போதாது, அவை எந்த இடத்தில் உள்ளன என்பதும் முக்கியம். விளக்கத்திற்காக நால்வரை எண்ணிக்கொள்வோம். முதலாமவரின் கிருமியோடு ஒப்பிட, இரண்டாமவரின் கிருமியில் ஓர் எழுத்து மாறியுள்ளது. மூன்றாமவரிடம் அதே மாற்றமும் கூடுதலாக இன்னொரு மாற்றமும் உள்ளன. நான்காமவரிடமும் இரண்டு மாற்றங்கள்தாம், ஆனால் அவை முற்றிலும் வேறு இடங்களில் உள்ளன. மூன்றாமவரும் நான்காமவரும் முதலாமவரிடமிருந்து சம தொலைவிலேயே இருக்கிறார்கள். எனினும் மூன்றாமவர் இரண்டாமவருடைய கிளையைச் சேர்ந்தவர், நான்காமவர் தனிக் கிளை. இவ்வாறு கிருமியின் குடிவழி ஒரு மரமாக உருப்பெறுகிறது.

கேம்பிரிட்ஜில் நடந்தது

2011ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் நகரின் ஓர் அரசு மருத்துவமனையில், தனிக்கவனிப்புப் பிரிவில் இருந்த பச்சிளங்குழந்தைகளுள் 12 பேரிடம் ஆறு மாத காலத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்பட்டது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவினர் ஐயுற்றனர். ஆனால் இடையிடையே எந்தக் குழந்தையிடமும் கிருமி இல்லாத இடைவெளிகள் இருந்தன. எனவே இது ஒரே தொடர் பரவலா, தனித்தனி நிகழ்வுகளா என்று பழைய முறைகளைக் கொண்டு அவர்களால் உறுதிசெய்ய இயலவில்லை.

ஆய்வாளர்கள் அக்கிருமிகளின் முழு மரபணுத்தொகையையும் வரிசைப்படுத்தினார்கள். முன்பு அறியப்படாத ஒரு புதிய வகை வெளிப்பட்டது. அதற்கு 2371 என்ற வகை எண் தரப்பட்டது. அதே மருந்துப் பட்டியலைக் காட்டிய வேறு கிருமிகள் மருத்துவமனையிலும் வெளியிலும் உண்டா என்று தேடி, அவற்றையும் வரிசைப்படுத்தினார்கள். 12 என்றிருந்த எண்ணிக்கை, உறவுடைய 26 பேராக விரிந்தது. குழந்தைகள் பிரிவுக்குள் மட்டுமன்றி, பிரசவத்திற்குப் பின் தாய்மார் தங்கும் வார்டில் தாய்மாருக்கிடையேயும், மருத்துவமனைக்கு வெளியேயும் அது பரவியிருந்தது. குழந்தைகளின் பட்டியலில் கண்ட இடைவெளிகள், கிருமி மறைந்திருந்த காலங்கள் அல்ல. நாம் தேடாத இடத்தில் அது இருந்த காலங்கள்.

ஆய்வு நடந்துகொண்டிருக்கையிலேயே அப்பிரிவு முழுவதும் ஆழ்ந்த தூய்மைப் பணிக்கு உட்படுத்தப்பட்டது. கிருமியுடைய கடைசிக் குழந்தை அங்கிருந்து சென்று 64 நாள்கள் கழிந்தபின், மற்றொரு குழந்தையிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. காணப்பட்டது. வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்திருக்கலாம் என்றே எவரும் எண்ணியிருப்பர். வரிசையாக்கமோ அதே குடிவழி என்று காட்டியது. சுத்தம் செய்த அறையில், நோயாளி எவரிடமும் இல்லாமல், இரண்டு மாதங்களுக்கு மேல் அது எங்கே தங்கியிருந்தது? பணியாளர் ஒருவரிடம் இருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. 154 பணியாளர்கள் சோதிக்கப்பட்டார்கள். ஒருவரிடம் எம்.ஆர்.எஸ்.ஏ. இருந்தது.

அவரிடமிருந்து ஒரு திரளை மட்டுமல்ல, 20 திரள்களைத் தனித்தனியே வரிசைப்படுத்தினார்கள். காரணம் உண்டு. ஒருவரிடம் நெடுநாள் குடியிருக்கும் கிருமிகள் எல்லாம் ஒன்றுபோலிருப்பதில்லை, தமக்குள்ளேயே சிறு சிறு கிளைகளாகப் பிரிந்துவிடுகின்றன. ஒரு திரளை மட்டும் பார்த்தால், மற்றொரு கிளையோடு உள்ள உறவு கண்ணுக்குத் தப்பிவிடும். அவரிடமிருந்த கிருமி பரவலின் குடிவழியைச் சேர்ந்ததே என்று வரிசையாக்கம் உறுதிசெய்தது. குழந்தைகளிடம் காணப்படாத காலத்திலும் பரவல் அறுபடாமல் நீடித்ததற்கான விளக்கம் அப்போதுதான் கிடைத்தது.

இம்முறையால் சொல்ல முடியாதவை

அந்தப் பணியாளர்தாம் பரவலைத் தொடங்கிவைத்தவர் என்று இதனால் ஆகிவிடாது. குழந்தை ஒன்றைக் கவனித்துக்கொள்ளும்போது அவர் அதைப் பெற்றிருக்கவும் கூடும். இரு கிருமிகளும் நெருங்கிய உறவுடையவை என்று வேறுபாடுகள் கூறும். யார் கொடுத்தவர், யார் பெற்றவர் என்பதைப் பெரும்பாலும் அவை தனித்து நின்று கூறுவதில்லை. இருவருக்கும் பொதுவான மூன்றாமவர் ஒருவர் சோதிக்கப்படாமல் விடுபட்டிருக்கலாம். கை, கருவி, கைகழுவும் தொட்டி ஆகியவையும் இடையில் இருந்திருக்கலாம். ஆகையால் படுக்கைப் பதிவேடும் பணி அட்டவணையும் இல்லாமல் மரபணு மரத்தை நாங்கள் பொருள்கொள்வதில்லை.

இத்தனை வேறுபாடுகளுக்குள் இருந்தால் பரவல், மிகுந்தால் பரவல் அன்று என்று எல்லாக் கிருமிகளுக்கும் பொருந்தும் எல்லைக்கோடும் இல்லை. காசநோய்க் கிருமி ஓராண்டில் ஓர் எழுத்துக்கும் குறைவாகவே மாறும். ஆதலால் அதில் இரு வேறுபாடுகள் பல ஆண்டு இடைவெளியைக் குறிக்கலாம், எம்.ஆர்.எஸ்.ஏ.வில் அவை சில மாதங்களையே குறிக்கும்.

உங்களுக்கு இதனால் தெரியவேண்டியவை

அறிகுறியற்றவரிடமும் மாதிரி எடுப்பதன் காரணம் இப்போது விளங்கும். கேம்பிரிட்ஜில் நோயுற்ற குழந்தைகளை மட்டும் பார்த்திருந்தால், தாய்மாரும் அந்தப் பணியாளரும் தேடலுக்கு வெளியிலேயே நின்றிருப்பார்கள். சோதிக்கப்படாதவர் மரத்தில் ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் வழியாகவே பரவல் தொடரும்.

உங்களிடம் அல்லது உங்கள் குழந்தையிடம் கிருமி குடியிருக்கிறது என்று தெரியவந்தால், அது நோய் என்று பொருளன்று, குற்றம் என்றும் பொருளன்று. எம்.ஆர்.எஸ்.ஏ. ஆயின், பல வேளைகளில் மூக்கில் இடும் களிம்பும் கிருமிநாசினிக் குளியலும் கொண்டு அதனைக் குறைக்கவோ அகற்றவோ முயல்வோம். அக்காலத்தில் தனியறையும் கையுறையும் கையாளப்படுவது அடுத்த படுக்கையில் இருப்பவருக்காக.

"யாரிடமிருந்து வந்தது?" என்று நீங்கள் வினவும்போது எங்களால் சில நாள்கள் விடை கூற இயலாமற்போகலாம். கிருமி வளர்வதற்கும் வரிசை படிக்கப்படுவதற்கும் அந்த நாள்கள் வேண்டும். விடை வந்தபின்னும், "இவ்விரு கிருமிகளும் நெருங்கிய உறவுடையவை" என்ற அளவிலேயே அது பெரும்பாலும் அமையும். எந்தக் கதவை அடைக்கவேண்டும் என்று அறிய எங்களுக்கு அவ்வளவே போதும். அடுத்த படுக்கையில் இருப்பவர்மீது பழி சுமத்த அது போதாது.