ஒரு மாதம் என்றால் எந்தத் தேதி வரை?

காங்கேயத்தில் தட்டச்சு, நகல் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தவன். கோடை முடிந்ததும் இந்த ஊர்ப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்குமாகக் கோவைக்குப் போவார்கள். பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ அறை பார்த்து, விடுதியில் கொடுத்த ஒப்பந்தத்தாளை எடுத்துக்கொண்டு அப்பாவோ அம்மாவோ கடைக்கு வருவார்கள். "ஏனுங்க, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இத ஒருக்கா பாத்துக் குடுங்க" என்பார்கள். அப்படிப் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விடுதி ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் யாரும் புதிதாக எழுதுவதில்லை. வீட்டு வாடகை ஒப்பந்தம் ஒன்றை எடுத்துச் சில பத்திகளை வெட்டி, வேறொரு விடுதியின் விதிமுறைத் தாளை ஒட்டி, போன வருடம் தங்கியவரின் பெயரை மாற்றிக் கொடுக்கிறார்கள். அதனால் பிழைகள் ஒட்டிய இடங்களில்தான் இருக்கும். ஆண்கள் விடுதித் தாளிலிருந்து வந்திருந்தால் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் 'மகன்' என்று நிற்கும். கணினியில் பெயரை மொத்தமாக மாற்றும்போது இன்னொரு விபத்து நடக்கும். பழைய பெயர் 'மதி', புதிய பெயர் 'கலா' என்றால், 'அனுமதி' என்று இருந்த இடமெல்லாம் 'அனுகலா' ஆகிவிடும். அப்படி ஒரு சொல் கண்ணில் பட்டால் அந்தத் தாளை யாரும் திரும்பப் படிக்கவில்லை என்று அறியலாம். அதன் பிறகு அதிலுள்ள எந்த எண்ணையும் நம்பாமல் நான் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன்.

என் முறை எளிது. முதல் வாசிப்பில் வாக்கியங்களைப் படிப்பதே இல்லை. தாளில் உள்ள எல்லா எண்களையும், எல்லாத் தேதிகளையும், எல்லாப் பெயர்களையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்வேன்; எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்பதையும் குறிப்பேன். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் வந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவேன். சரளமாகப் படிக்கும் கண், முதல் பக்கத்தில் பார்த்த தொகையே மூன்றாம் பக்கத்திலும் இருக்கும் என்று தானாக நிரப்பிக்கொண்டு போய்விடும். தனியே எழுதினால்தான் முரண்பாடு தெரியும்.

தேங்காய்க் களம் ஒன்றில் கணக்கு எழுதுபவர் தன் மகளுக்காகக் கொண்டுவந்த தாளைச் சொல்கிறேன். முதல் பக்கத்தில் 'இருவர் பகிரும் அறை, மாதக் கட்டணம் ரூ.7,500, அட்வான்ஸ் ரூ.15,000' என்று இருந்தது. அட்வான்ஸ் தொகையை எழுத்தால் எழுதிய இடத்தில் 'பதினோராயிரம்' என்று இருந்தது. காசோலையில் எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்று 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. மற்ற ஆவணங்களைப் படிப்பவர்களும் வழக்கமாக எழுத்துக்குத்தான் மதிப்புக் கொடுப்பார்கள். கட்டியது பதினைந்தாயிரம், தாள் சொல்வது பதினோராயிரம் என்றால், காலி செய்யும் நாளில் நாலாயிரத்துக்கு வாக்குவாதம்தான்.

அறை பற்றிய பத்தியில் 'அறை எண் 204 அல்லது நிர்வாகம் ஒதுக்கும் வேறு அறை' என்று எழுதியிருந்தார்கள். விடுதிக்கு அறை மாற்றும் உரிமை தேவைதான். குழாய் உடையும், ஆள் மாறும். ஆனால் இந்த வாக்கியப்படி நாலு பேர் அறையில் போட்டுவிட்டு அதே ஏழாயிரத்து ஐந்நூறை வாங்கலாம். 'அதே எண்ணிக்கையினர் பகிரும், அதே வசதிகள் உள்ள வேறு அறை. எண்ணிக்கை கூடினால் கட்டணம் அதற்கேற்பக் குறையும்' என்று சேர்க்கச் சொன்னேன். விடுதிக்காரரும் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார். பெரும்பாலான விடுதிக்காரர்கள் அப்படித்தான். அவர்களும் யாரோ கொடுத்த தாளைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் அதிக நேரம் செலவிடுவது நோட்டீஸ் பத்தியில். அந்தத் தாளில் 'காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், தவறினால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது' என்று ஒரே வரி. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போட்டால்தான் ஓட்டை தெரியும். அந்தப் பெண் ஜூன் 10 அன்று நோட்டீஸ் தருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் என்பது 30 நாள் என்றால், மறுநாளிலிருந்து எண்ண, ஜூலை 10இல் முடிகிறது. ஜூலைக்கு 10 நாள் கட்டணம், அதாவது 7,500ஐ 31ஆல் வகுத்துப் பத்தால் பெருக்க, ஏறத்தாழ 2,419 ரூபாய். ஆனால் விடுதிகள் பலவற்றில் மாதத்தை 1ஆம் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை முழுதாகத்தான் கணக்கிடுகிறார்கள். அவர்கள் வழக்கப்படி ஜூலை 31 வரை முழுக் கட்டணம் 7,500. ஒரே வரி, இரண்டு அர்த்தம், நடுவில் ஐயாயிரத்துச் சொச்சம்.

இதோடு விடவில்லை. கடைசியில் இணைத்திருந்த விதிமுறைத் தாளில் 'இரண்டு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும்' என்று இருந்தது. ஒட்டிய இடம்! ஒப்பந்தம் ஒன்று சொல்ல, இணைப்பு இன்னொன்று சொல்கிறது. இரண்டில் எது செல்லும் என்று எங்கும் எழுதவில்லை. அர்த்தம் இரண்டுபட்டால், எழுதிக் கொடுத்தவருக்கு எதிராகப் பொருள்கொள்வது நீதிமன்றங்களில் பழைய வழக்கம்தான். ஆனால் பதினைந்தாயிரத்துக்காக யார் நீதிமன்றம் போவார்கள்? அட்வான்ஸ் விடுதியின் கையில் இருக்கிறது; தாள் குழப்பமாக இருந்தால் கையில் பணம் வைத்திருப்பவர் பக்கம்தான் சாயும்.

அந்தப் பத்தியை இப்படி மாற்றினோம்: 'காலி செய்ய விரும்பும் நாளுக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் எழுத்து மூலமாகவோ வாட்ஸ்அப் மூலமாகவோ தெரிவிக்க வேண்டும். தெரிவித்த நாளுக்கு மறுநாள் முதல் நாள் எண்ணப்படும். கடைசி மாதக் கட்டணம் தங்கிய நாட்களுக்கு மட்டும். நோட்டீஸில் குறையும் நாட்களுக்கான கட்டணத்தை மட்டும் அட்வான்ஸில் கழித்து, மீதியை அறையை ஒப்படைத்த 7 நாட்களுக்குள் தர வேண்டும். விதிமுறைத் தாளுக்கும் ஒப்பந்தத்துக்கும் முரண்பாடு இருந்தால் ஒப்பந்தமே செல்லும்.' அட்வான்ஸ் முழுவதையும் பிடித்துக்கொள்ளும் வரியை எடுக்கச் சொல்வதற்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவில், ஒப்பந்தத்தில் அபராதத் தொகை குறித்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்போகாமல் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. இதை விடுதிக்காரரிடம் மெதுவாக எடுத்துச் சொன்னாலே போதும்.

நோட்டீஸை இருபக்கமும் எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தங்குபவர் 30 நாள் தர வேண்டும் என்று இருக்கும்; விடுதி காலி செய்யச் சொன்னால் எத்தனை நாள் என்று இருக்காது. தேர்வு நேரத்தில் மூன்று நாளில் காலி செய் என்றால் பிள்ளை எங்கே போவாள்?

கட்டணப் பத்தியில் 'வரிகள் தனி' என்ற இரண்டு சொல்லைத் தேடுங்கள். 2024 ஜூலை 15 முதல், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத, தொடர்ந்து குறைந்தது 90 நாட்களுக்குத் தரப்படும் தங்குமிடச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. இங்கே ஒரு நுணுக்கம். ஜிஎஸ்டி பதிவுள்ள விடுதி 'மூன்று மாதம்' என்று ஒப்பந்தம் போடுகிறது. 2025 பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை என்றால் 28, 31, 30 எனக் கூட்டி 89 நாள்தான் வருகிறது! ஒரு நாள் குறைகிறது. பயிற்சிக்காக மூன்று மாதம் தங்கப் போகும் பிள்ளைகளுக்கு மாதக் கணக்கை விட்டு '90 நாட்கள்' என்றே எழுதச் சொல்கிறேன்.

விதிமுறைத் தாளில் தொகை குறைவு, தொந்தரவு அதிகம். அந்தப் பெண்ணின் தாளில் 'இரவு 9.30க்கு மேல் வருவதற்குப் பெற்றோர் மற்றும் பாதுகாவலர் கையொப்பமிட்ட கடிதம் தேவை' என்று இருந்தது. அப்படியென்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். காங்கேயத்தில் அப்பா, கோவையில் பாதுகாவலராகச் சித்தப்பா. ஒவ்வொரு முறையும் இருவரிடமும் வாங்க முடியுமா? எழுதியவர் நினைத்தது 'அல்லது'. அவள் என்னிடம், "எனக்கு மாசத்துல ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட்டுங்க, திரும்பி வரப் பன்னண்டு ஆயிருமுங்க" என்றாள். "அப்ப இந்த வரி உனக்கு ஆவாது கண்ணு, கம்பெனி ஷிப்ட் கடிதத்த ஒருதடவ குடுத்தாப் போதும்னு எழுதி வாங்கு" என்றேன். அப்படியே வாங்கிக்கொண்டாள்.

அதே தாளில் இன்னொரு வரி: 'அறையில் சமைப்பது, அயர்ன் பாக்ஸ், சத்தமாகப் பாட்டு வைப்பது இரவு 10 மணிக்கு மேல் கூடாது, மீறினால் நாளொன்றுக்கு ரூ.500.' பத்து மணி என்ற வரம்பு பாட்டுக்கு மட்டுமா, மூன்றுக்குமா? பகலில் சமைக்கலாமா? ஐந்நூறு ஒருமுறையா, தெரியவரும் வரை ஒவ்வொரு நாளுக்குமா? இப்படி ஒரே வாக்கியத்தில் அடைத்த விதிகளைத் தனித்தனி வரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நேரத்தையும் அபராதத்தையும் தனியே எழுதச் சொல்வேன். பிரித்து எழுதத் தொடங்கினால் விடுதிக்காரருக்கே தான் நினைத்தது எது என்று தெளிவாகும்.

பெயர்களையும் ஒத்துப்பாருங்கள். பெண்கள் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். உரிமத்தில் உள்ள பெயர், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் பெயர், பணம் போகும் கணக்கின் பெயர் மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால், இவர் சார்பாக அவர் வாங்குகிறார் என்று ஒரு வரியாவது தாளில் இருக்க வேண்டும். வீட்டு ஒப்பந்தத்திலிருந்து வந்த 'வாடகைதாரர்' என்ற சொல்லும், விடுதித் தாளில் வந்த 'தங்குபவர்' என்ற சொல்லும் கலந்திருந்தால் ஒன்றாக்கச் சொல்லுங்கள். ஒருவரையே இரண்டு பெயரில் அழைத்தால், எந்தக் கடமை யாருக்கு என்ற குழப்பம் வரும்.

திருத்தங்களை அச்சிட்டுத் தர நேரமில்லை என்பார்கள். பேனாவால் திருத்தினாலும் சரிதான். பழைய சொல் படிக்கும்படி ஒரே கோடாக அடித்து, மேலே புதியதை எழுதி, ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். வெள்ளை மை பூச வேண்டாம்; அடியில் என்ன இருந்தது என்பதே பிறகு சண்டையாகும். எல்லாப் பக்கத்திலும் இருவர் கையெழுத்தும் வேண்டும், விதிமுறைத் தாளிலும் சேர்த்து. விடுதியின் பிரதியில் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் உங்கள் பிரதியிலும் செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்ட பிறகு அட்வான்ஸைக் கட்டுங்கள்.