மயங்கிக் கிடப்பவருக்குச் சர்க்கரை பார்க்காமல் நகராதீர்கள்

108 ஆம்புலன்ஸில் பயிற்சிக்கு ஏறிய மாணவிக்கு வந்த முதல் அழைப்பு இது. அறுபது வயது விவசாயி ஒருவர் களத்துமேட்டில் விழுந்து கிடந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டால் முனகினார், அவ்வளவுதான். "குடிச்சிருக்காரும்மா" என்றார்கள் சிலர். "வாதம் அடிச்சிருக்கு" என்றார்கள் வேறு சிலர். அன்று அவள் கற்றதை, அடுத்து வண்டியில் ஏறப்போகும் பயிற்சியாளர்களுக்காக வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் மூச்சுப்பாதை

அக்கம்பக்கத்தார் அவர் வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தார்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் சரியாக விழுங்க மாட்டார். வாயில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைச் சுத்தம் செய்து, மூச்சையும் நாடியையும் பாருங்கள்.

2. விரலைக் கழுவிவிட்டுக் குத்துங்கள்

அவள் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 142 காட்டியது. "சர்க்கரை சரியா இருக்குண்ணா" என்றாள். கூட வந்த மூத்த உதவியாளர் நோயாளியின் கையைத் தொட்டுப் பார்த்தார், பிசுபிசுத்தது. "தண்ணியில கழுவித் துடைச்சுட்டு மறுபடி பாரும்மா." இந்த முறை 36. விரலில் ஒட்டிய சர்க்கரை ரத்தத்துளியில் கலந்தால் கருவி கூடுதலாகவே காட்டும். உடம்பு வியர்த்துக் கொட்டும்போது கருவி நல்ல எண்ணைச் சொன்னால், அதை நம்பிவிடாமல் வேறு விரலில் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை; 54-க்குக் கீழே போனால் ஆபத்து. தாழ்சர்க்கரையில் ஒரு பக்கக் கை கால் விழுந்து, பக்கவாதம் போலவே தெரிவதும் உண்டு.

3. நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ்

மருத்துவரிடம் போனில் ஆலோசனை கேட்டு, 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஏற்றினார்கள். அதில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறதா என்பதைச் சலைன் விட்டு முதலில் உறுதிசெய்யுங்கள். மருந்து வெளியே கசிந்தால் திசு புண்ணாகிவிடும். சில நிமிடங்களில் அவர் கண் திறந்து, மனைவியைப் பெயர் சொல்லி அழைத்தார். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சர்க்கரை பாருங்கள்.

4. வீட்டாரிடம் கேளுங்கள்

என்ன மாத்திரை, இன்சுலின் உண்டா, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, சிறுநீரகக் கோளாறு உண்டா? அவர் மனைவி மாத்திரை அட்டையை எடுத்து வந்தார்: கிளிமிப்ரைடு. "காலையில மாத்திரை போட்டாரு. விரதம்னு சாப்பிடல."

5. எழுந்துவிட்டாலும் விட்டுவிடாதீர்கள்

"எனக்கு ஒண்ணுமில்ல தாயி, வீட்டுக்குப் போறேன்" என்று அவர் எழுந்தார். அவள் அட்டையைக் காட்டி விளக்கினாள்: இந்த மாத்திரை பல மணி நேரம் உடம்பில் இருந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும், ஏற்றிய குளுக்கோஸ் அதற்குள் தீர்ந்துவிடும், ராத்திரி தூக்கத்தில் மறுபடி சர்க்கரை இறங்கினால் யாருக்கும் தெரியாது. அவர் வண்டியில் ஏறச் சம்மதித்தார். மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது டெக்ஸ்ட்ரோஸுக்கு முன்னும் பின்னும் பார்த்த சர்க்கரை அளவுகளையும், அதை ஏற்றிய நேரத்தையும், மாத்திரையின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். எவ்வளவு நேரம் அவரைக் கண்காணிப்பில் வைப்பது என்பதை மருத்துவர் அதை வைத்தே முடிவுசெய்வார்.