முஸ்லிம் 8-ஆ, 93-ஆ? மெய்ப்புப் பார்ப்பவர் கவனத்துக்கு

இஸ்லாமிய நூல் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கச் சேர்ந்தவருக்கு முதல் தலைவலி பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் வரும். வானவர் ஜிப்ரீல் மனித உருவில் வந்து, ஈமான் என்றால் என்ன என்று நபியவர்களிடம் கேட்ட புகழ்பெற்ற ஹதீஸுக்கு ஒரு ஆசிரியர் 'முஸ்லிம் 8' என்பார். இன்னொருவர் 'முஸ்லிம் 93' என்பார். சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதீர்கள், இரண்டும் சரி.

கி.பி. 875-இல் மறைந்த இமாம் முஸ்லிம் தம் தொகுப்புக்கு எண் எதுவும் இடவில்லை. இன்று நாம் காணும் எண்கள் அச்சுக் காலத்துப் பதிப்பாசிரியர்கள் இட்டவை. எகிப்து அறிஞர் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாக்கீ, ஒரே நபித்தோழர் வழியாக வரும் ஒரே செய்தி பல அறிவிப்பாளர் தொடர்களில் இடம்பெற்றால், எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்குள் அடக்கினார். ஜிப்ரீல் ஹதீஸ் உமர் (ரலி) வழியாக நான்கு தொடர்களில் வருகிறது. நான்குக்கும் அவரிடம் 8 மட்டுமே. அபூஹுரைரா (ரலி) அறிவிப்பு தொடங்கும்போதுதான் 9 வரும். ரியாத் தாருஸ்ஸலாம் பதிப்போ ஒவ்வொரு தொடரையும் தனியாக எண்ணுகிறது. இமாமின் நீண்ட முன்னுரையில் உள்ள அறிவிப்புகளே 92-ஐ எடுத்துக்கொள்வதால் உமரின் நான்கும் 93 முதல் 96 வரை, அபூஹுரைராவுடையது 97.

ஆகவே 85-ஐக் கூட்டினால் போதும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். 'தூய்மை ஈமானில் பாதி' என்ற ஹதீஸ் முன்னதில் 223, பின்னதில் 534. 'செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை' 1907, 4927. தொடர்கள் பெருகப் பெருக இடைவெளியும் விரிகிறது.

எந்தப் பதிப்பின் எண் என்று கண்டுபிடிக்க ஒரு சிறு வழி உண்டு. அப்துல் பாக்கீயின் எண்கள் 3033-இல் முடிகின்றன. 4927 என்று கண்டால் அது அவருடையதாக இருக்க முடியாது. சிறிய எண்கள்தாம் ஏமாற்றும். 93-ஐ அவர் பதிப்பில் தேடினால் ஜிப்ரீல் இருக்க மாட்டார். இணைவைக்காமல் இறந்தவர் சொர்க்கம் செல்வார் என்ற ஜாபிர் (ரலி) அறிவிப்பு இருக்கும். 'இட்டுக்கட்டிய மேற்கோள்' என்று வாசகர் கடிதம் வருவது இப்படித்தான்.

தாருஸ்ஸலாம் பதிப்பில் [93] 1-(8) என்று மூன்று எண்கள் சேர்ந்தே அச்சாகியிருக்கும். பகர அடைப்பில் இருப்பது அதன் தொடர் எண், பிறை அடைப்பில் அப்துல் பாக்கீ எண். நடுவிலுள்ளது அந்தந்தக் கிதாபுக்குள் மட்டும் ஓடும் எண், அடுத்த கிதாபில் மறுபடி 1-இல் தொடங்கும். கிதாபின் பெயர் இல்லாமல் இந்த நடு எண்ணை மட்டும் எடுத்தெழுதுவது வீண் வேலை.

என் யோசனை: நூலின் முகப்பிலேயே எந்தப் பதிப்பின் எண்கள் என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். அடிக்குறிப்பில் 'முஸ்லிம், கிதாபுல் ஈமான், உமர் (ரலி) அறிவிப்பு, எண் 8' என்று எழுதச் சொல்லுங்கள். இடம் போதவில்லை என்று வடிவமைப்பாளர் முணுமுணுத்தால் எண்ணை வேண்டுமானால் விடலாம், கிதாபையும் அறிவிப்பாளரையும் விடக்கூடாது.