ஈஸ்டும் பலூனும்

சென்னையில் இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு விடியலில் பொங்கி நிற்கும். தில்லியின் சனவரிக் குளிரில் அதே மாவு மறுநாள் காலையிலும் சரியாகப் பொங்குவதில்லை. மாவில் வாழும் நுண்ணுயிரிகள் அதிலுள்ள சர்க்கரையைச் சிதைத்து வாயுவை வெளியிடுவதாலேயே மாவு பொங்குகிறது. குளிரில் அவற்றின் செயல் மந்தமாகிறது.

ரொட்டி செய்ய உதவும் ஈஸ்டும் ஒரு நுண்ணுயிரியே. ஒரே செல்லால் ஆன இப்பூஞ்சை, ஆக்சிஜன் இல்லாதபோதும் சர்க்கரையிலிருந்து ஆற்றலைப் பெறும். அப்போது கார்பன் டைஆக்சைடும் ஆல்கஹாலும் உண்டாகின்றன. இதுவே காற்றில்லாச் சுவாசம். வெப்பநிலைக்கேற்ப இச்சுவாசம் மாறுவதைப் பலூன் காட்டும்.

செய்முறை

அரை லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு குப்பிகளில் தலா 100 மில்லிலிட்டர் நீரும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் இட வேண்டும். முதற்குப்பியின் நீர் 10 டிகிரி செல்சியஸ், இரண்டாவது 25 டிகிரி, மூன்றாவதும் நான்காவதும் 40 டிகிரி இருத்தல் வேண்டும். முதல் மூன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட்டைக் கலக்க வேண்டும். ஒருமுறை ஊதித் தளர்த்திய பலூன்களைக் குப்பிகளின் வாயில் மாட்டி, ஒவ்வொரு குப்பியையும் அதே வெப்பநிலையுள்ள நீர்ப்பாத்திரத்தில் நிறுத்த வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை பலூனின் சுற்றளவை நூலால் அளந்து குறிக்க வேண்டும்.

காண்பதும் காரணமும்

மூன்றாம் குப்பியில் நுரை எழும்பிப் பலூன் முதலில் நிமிரும். இரண்டாவது மெல்ல உப்பும். முதலாவது பெரும்பாலும் துவண்டே கிடக்கும்.

ஈஸ்ட் இல்லாத நான்காம் பலூனும் சற்றே தலைதூக்கும்! வெந்நீர் பட்டதும் குப்பியிலுள்ள காற்று விரிவடைவதே காரணம். 400 மில்லிலிட்டர் காற்று 25 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் விரியும். ஆனால் இவ்விரிவு சில நிமிடங்களில் நின்றுவிடும். ஈஸ்ட் வெளியிடும் வாயுவோ தொடர்ந்து பெருகும். ஆகவே, மூன்றாம் பலூன் நான்காவதைவிட எவ்வளவு மிகுதியாக உப்பியதோ அதுவே ஈஸ்ட்டின் செயல்.

வெப்பம் கூடக்கூடச் சுவாசமும் கூடிக்கொண்டே போகாது. 60 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் ஈஸ்ட் இறந்துவிடும். பின்னர் ஆறவைத்தாலும் பலூன் உப்பாது. முதற்குப்பியை 40 டிகிரி நீரில் வைத்தாலோ பலூன் உப்பத் தொடங்கும். குளிர் ஈஸ்ட்டை அடக்கியதேயன்றி அழிக்கவில்லை.

சொற்பொருள்

மந்தம் – வேகக் குறைவு
துவண்டு – தளர்ந்து தொங்கி
சிதைத்து – சிறு கூறுகளாக உடைத்து

பயிற்சி

1. நான்காம் குப்பி இல்லையெனில் எத்தகைய தவறான முடிவு ஏற்படக்கூடும்?
2. மாணவி ஒருத்தி சர்க்கரையின் அளவை மட்டும் மாற்றி ஆராய விரும்புகிறாள். அவள் எவற்றை மாற்றாமல் வைக்க வேண்டும்?
3. பிரித்து எழுதுக: வெந்நீர், நுண்ணுயிரி, முதற்குப்பி.