பிளந்த நுனியும் சூட்டுக் கருவியும்: சிகையலங்கார இளங்கலைஞருக்கு ஒரு கடிதம்

சிகையலங்காரத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் கலைஞருக்கு,

நீளம் குறையாமல் நுனி வெடிப்பை மட்டும் சரிசெய்து தரும்படி கேட்கும் வாடிக்கையாளருக்குத் தரக்கூடிய நேர்மையான விடை, பிளந்த முடி மீண்டும் ஒன்றாகச் சேராது என்பதே ஆகும். தோலில் பட்ட காயம் ஆறுவதற்கு அங்குள்ள உயிருள்ள செல்கள் பெருகி இடைவெளியை நிரப்புவது காரணம். தலைத்தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியிழையிலோ உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாமையால், அதில் ஏற்படும் சேதம் எதுவும் தானாக ஆறுவதில்லை. நுனிப்பிளவை நீக்குவதாக விற்கப்படும் சீரங்கள் பிளந்த இரு பகுதிகளையும் சிலிக்கோன் அல்லது பாலிமரால் ஆன ஒட்டும் படலத்தால் இணைத்துப் பிடிக்கின்றன. அந்தப் பிடிப்பு பெரும்பாலும் அடுத்த தலைக்குளியல் வரைதான் நிற்கும். அத்தகைய சீரத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அதைச் சிகிச்சை என்று சொல்லி விற்பதுதான் தவறு.

சூடு முடியில் என்ன செய்கிறது என்பதை அறிய அதன் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். முடியிழையின் புறத்தே க்யூட்டிகிள் எனப்படும் செதில் அடுக்கு உள்ளது. கூரை ஓடுகளைப் போல வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இச்செதில்கள், உள்ளிருக்கும் கார்டெக்ஸ் என்ற நார்ப்பகுதியைக் காக்கின்றன. கார்டெக்ஸ் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன நீண்ட நார்களின் கட்டு. முடியின் வலிமையும் நெகிழ்வும் அதிலிருந்தே வருகின்றன. மிகுந்த சூடு பட்டால் செதில்களின் ஓரங்கள் விரிசலிட்டு உதிர்கின்றன, செதிலின் மேலுள்ள இயற்கையான கொழுப்புப் படலம் அழிகிறது, கெரட்டினும் தன் வடிவத்தை இழக்கத் தொடங்குகிறது. செதில் முற்றிலும் போன இடத்தில் நார்களைச் சேர்த்துப் பிடிக்க எதுவும் இல்லாமையால், சீப்பின் ஒவ்வோர் இழுப்புக்கும் அவை நீளவாக்கில் பிரிகின்றன. நுனிப்பிளவு என்று நாம் காண்பது இந்தப் பிரிவையே.

உலர்ந்த முடியின் கெரட்டின் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருக்குலைகிறது. ஈர முடியிலோ அந்த எல்லை மிகவும் கீழே இறங்கிவிடுகிறது. நன்கு நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை உள்வாங்கிக்கொள்ளும். அந்த நிலையில் சூடான கருவி பட்டால் உள்ளிருக்கும் நீர் திடீரென ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கார்டெக்சுக்குள்ளேயே குமிழ்களை உண்டாக்குகிறது. தோல் மருத்துவ நூல்களில் குமிழ் முடி என்று குறிக்கப்படும் இந்நிலை, ஈர முடியில் 125 டிகிரி சூட்டில் சுருட்டுக் கருவியை ஒரு நிமிடம் வைத்திருந்தாலே தோன்றக்கூடும். குமிழ் விழுந்த முடி நுனியில் பிளப்பதைவிட நடுவிலேயே முறிகிறது; ஆகவே கூந்தலின் ஒரு பகுதியில் மட்டும் முடி சொரசொரப்பாகவும் குட்டையாகவும் நிற்குமானால், அங்கே ஈரத்தோடு கருவி வைக்கப்பட்டது என்று ஐயுறலாம். ஸ்ட்ரெய்ட்னர் பட்டவுடன் சீறும் ஒலி எழுவது கலைஞருக்குக் கிடைக்கும் கடைசி எச்சரிக்கை. சூட்டிலிருந்து காக்கப் பூசிய ஸ்ப்ரேயின் ஈரம்தான் ஆவியாகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு தொடர்வதைவிட, நிறுத்தி இன்னும் உலர்த்துவதே முறை.

ஈரம் ஆபத்து என்றவுடன் டிரையரை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டு கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையில், டிரையரை முடியிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது முடியில் பட்ட சூடு சுமார் 47 டிகிரியாகவும், 5 செ.மீ. அருகே கொண்டுவந்தபோது 95 டிகிரியாகவும் இருந்தது. சூடு ஏற ஏற மேற்பரப்பின் சேதமும் கூடியது. ஆனால் செதில்களை ஒட்டிவைக்கும் உட்படலத்தின் வீக்கம், டிரையரே படாமல் நெடுநேரம் ஈரமாக இருந்து இயல்பாக உலர்ந்த முடியில்தான் காணப்பட்டது. எனவே துண்டால் தேய்க்காமல் அழுத்தி நீரை எடுத்தபின், டிரையரை ஒரு சாண் தூரத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே பிடிப்பது இயல்பாக உலர விடுவதற்குக் குறைந்ததன்று.

ஸ்ட்ரெய்ட்னரைப் பொறுத்தவரை, அது முடியை நேராக்குவது நீரின் துணையால் உருவாகும் வலுக்குறைந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை மாற்றியமைப்பதால்தான். காற்றின் ஈரப்பதமே அந்தப் பிணைப்புகளை மீண்டும் குலைத்துவிடும். அதனால்தான் சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் காலையில் நேராக்கிய கூந்தல் நண்பகலுக்குள் சுருளத் தொடங்குகிறது. வாடிக்கையாளர் இதைச் சூடு போதவில்லை என்று எண்ணி, மறுநாள் கருவியை 230 டிகிரிக்கு ஏற்றுகிறார். காற்றின் ஈரத்தை எதிர்த்து நிற்கும் ஆற்றல் கூடுதல் சூட்டால் வருவதில்லை, சேதம் மட்டுமே வருகிறது என்பதைச் சலிக்காமல் விளக்க வேண்டிய கடமை கலைஞருடையது. மெல்லிய அல்லது சாயமேற்றிய முடிக்கு 150 டிகிரி அளவிலும், தடித்த ஆரோக்கியமான முடிக்கு 180 டிகிரி அளவிலும் நிறுத்திக்கொண்டு, விரற்கடை அகலமும் தலைத்தோல் தெரியுமளவு மெல்லிய கனமும் உள்ள பிரிவுகளாக எடுத்து, ஒரே சீரான மெதுவான இழுப்பில் முடிப்பது நன்று. தடித்த பிரிவை எடுத்து நான்கைந்து முறை இழுப்பதில் வெளிப்புற முடி வெந்துபோக, உட்புற முடி மடங்கியே கிடக்கும். கருவியில் தெரியும் எண்ணையும் முழுவதாக நம்ப இயலாது. 19-ஆம் நூற்றாண்டின் பாரிஸ் நகரில் மார்செல் கிராட்டோ புகழ்பெறச் செய்த சுருட்டு இடுக்கியை அடுப்பில் சூடாக்கிப் பயன்படுத்தியவர்கள், அதை முதலில் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பார்த்து, காகிதம் பழுப்பேறினால் ஆறவிட்டனர். சூட்டுக் கட்டுப்பாடு இல்லாத மலிவுக் கருவிகளுக்கு அந்தச் சோதனை இன்றும் பொருந்தும்.

இனி ஒரு கூந்தலை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளம் 50 செ.மீ.; வாரத்துக்கு மூன்று முறை ஸ்ட்ரெய்ட்னர் பயன்படுத்தப்படுகிறது; நுனியில் வெள்ளைப் புள்ளிகளும் இறகுபோன்ற பிளவுகளும் தெரிகின்றன. முடி மாதத்துக்குச் சுமார் 1.25 செ.மீ. வளர்வதாகக் கொண்டால், அந்த நுனியின் வயது 40 மாதம். அதற்குள் அது ஐந்நூறு முறைக்கு மேல் சூடேறியிருக்கும், ஒவ்வொரு முறையும் மூன்று இழுப்பு என்றால் ஆயிரத்து ஐந்நூறு இழுப்புகளைக் கண்டிருக்கும். வேரருகே பளபளப்பாக இருக்கும் அதே முடி நுனியில் வைக்கோலாகிக் கிடப்பதன் காரணம் இந்த வயது வேறுபாடே என்பதால், வேருக்கும் நுனிக்கும் ஒரே சூட்டைக் கொடுப்பது பொருந்தாது.

கத்தரியை எடுக்கும் முன் நடுப்பகுதியிலிருந்து ஓர் இழையை எடுத்து, நனைத்து, இரு விரல்களுக்கிடையே மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். நலமான ஈர முடி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீண்டு, விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பும். நீளாமலே முறிந்தாலும், நீண்டு திரும்பாமல் குழைந்தாலும் சேதம் நுனியைத் தாண்டி ஏறிவிட்டது என்று பொருள். இக்கூந்தலில் நடுப்பகுதி நலமாகவே இருப்பதாகக் கொண்டால், முதல் அமர்வில் 4 செ.மீ. குறைத்தல் போதும். கண்ணுக்குத் தெரியும் பிளவுக்குச் சரியாக அங்கேயே வெட்டினால், கண்ணுக்குத் தெரியாமல் மேலேறியுள்ள விரிசல் சில வாரங்களில் மீண்டும் வாய்திறக்கும். ஆகவே பிளவின் தொடக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, கூரிய கத்தரியால் குறுக்காக வெட்ட வேண்டும். மழுங்கிய கத்தரி முடியை வெட்டுவதற்குப் பதிலாக நசுக்கும். ரேசரால் சரித்துச் சீவினால் கார்டெக்ஸ் நீளமாகத் திறந்து கிடக்கும். நீளத்தின் இடையே ஆங்காங்கே பிளந்து நிற்கும் முடிகளுக்கு, சிறு பிரிவுகளை முறுக்கி, வெளியே துருத்தும் நுனிகளை மட்டும் நறுக்குதல் உதவும்.

அதன்பின் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 1.5 செ.மீ. வெட்டினால், அதே காலத்தில் 2.5 செ.மீ. வளர்வதால், ஒவ்வொரு முறையும் ஒரு சென்டிமீட்டர் மிஞ்சும்; எட்டு மாத முடிவில் கூந்தல் மீண்டும் 50 செ.மீ. ஆகும், ஆனால் பழைய நுனியில் 10 செ.மீ. கழிந்து, வேரருகே 10 செ.மீ. புதிய முடி வந்திருக்கும். நீளத்தை இழக்க அஞ்சும் வாடிக்கையாளரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுவது, எந்த அறிவுரையையும்விட விரைவில் உடன்பாட்டைப் பெற்றுத்தரும். ஸ்ட்ரெய்ட்னர் வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தால்தான் இக்கணக்கு நிற்கும் என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.

வீட்டுப் பராமரிப்பில் தேங்காய் எண்ணெய்க்கு உரிய இடம் உண்டு. கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றோடு ஒப்பிட்டு இந்தியாவில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், தலைக்குளியலின்போது முடியிலிருந்து வெளியேறும் புரதத்தின் அளவைத் தேங்காய் எண்ணெய் மட்டுமே குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் சிறிய, நேரான மூலக்கூறுகள் கார்டெக்சுக்குள் நுழைய வல்லவை என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பாகத் தடவி, பின்பு ஷாம்புவைத் தலைத்தோலிலும் கண்டிஷனரை நுனியிலும் இடுவது முறை. கண்டிஷனரில் உள்ள நேர்மின் தன்மையுடைய பொருள்கள், சேதத்தால் எதிர்மின் தன்மை கூடிய இடங்களிலேயே மிகுதியாக ஒட்டிக்கொண்டு சீப்பின் உராய்வைக் குறைக்கின்றன. ஆனால் எண்ணெய் தடவிய முடியில் ஸ்ட்ரெய்ட்னரை வைக்கலாகாது. அது சூட்டில் புகையுமேயன்றிக் காப்பாகாது. அந்த வேலைக்குச் சிலிக்கோனோ பாலிமரோ கலந்த காப்புத் திரவத்தைச் சீராகத் தடவி, முற்றும் உலர்த்திய பின்னரே கருவியை எடுக்க வேண்டும். அதுவும் சூடு பரவும் வேகத்தைக் குறைக்குமேயன்றிச் சேதத்தை முழுவதும் தடுக்காது.

கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயரில் செய்யப்படும் நேராக்கலை நுனிப்பிளவுக்கு மருந்தாகப் பரிந்துரைப்பது வியப்புக்குரிய வழக்கம். மருந்தைப் பதிய வைப்பதற்காக ஒவ்வொரு பிரிவிலும் 200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பலமுறை இழுக்கும் முறையே அதில் பெரும்பாலும் கையாளப்படுகிறது, சில கலவைகளிலிருந்து அப்போது ஃபார்மால்டிஹைட் ஆவியும் வெளிப்படுகிறது. புதிதாகப் பளபளக்கும் மேற்பரப்பு மங்கியபின் அடியிலுள்ள முடி முன்னைவிட நலிந்திருக்கக்கூடும்.

கத்தரியும் கண்டிஷனரும் எட்டாத நிலைகளும் உண்டு. சூட்டுக் கருவியே பயன்படுத்தாதவரின் முடி வேரருகிலேயே முறிந்தாலும், முறிவோடு தலைத்தோலில் செதில், புண், வட்டமான வழுக்கை ஆகியவற்றுள் ஏதேனும் காணப்பட்டாலும், அது சிகையலங்காரத் தொழிலின் எல்லைக்கு வெளியே உள்ளது. அன்று எந்தப் பூச்சையும் பரிந்துரைக்காமல், தோல் மருத்துவரைப் பார்க்கும்படி வாடிக்கையாளரை அனுப்பிவிட வேண்டும்.