ஏறும் என்று தெரிகிறது; எதை வாங்குவது?

கேள்வி: ஒரு பங்கு இந்த மாதம் ஏறும் என நினைக்கிறேன். பங்காக வாங்கலாமா, ஃப்யூச்சரா, கால் ஆப்ஷனா?
– வாசகர், போளூர்

பதில்: பங்கு 1,000 ரூபாய், ஒரு லாட் 500 பங்குகள் என்று வைத்துக்கொள்வோம். பங்காக வாங்க 5 லட்சம் வேண்டும். 1,006-இல் கிடைக்கும் ஃப்யூச்சருக்குச் சுமார் ஒரு லட்சம் மார்ஜின். 1,000 ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனுக்கு பிரீமியம் 30 என்றால் 15,000 போதும்.

மாதக் கடைசியில் விலை 1,020. உங்கள் கணிப்பு சரிதான். பங்கில் 10,000, ஃப்யூச்சரில் 7,000 லாபம். கால் ஆப்ஷனிலோ 5,000 நஷ்டம்! 1,030-ஐத் தாண்டினால்தான் அதில் காசு. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பிரீமியம் கரையும். கடைசி வாரத்தில் இன்னும் வேகமாக.

விலை 950-க்கு இறங்கினால்? ஆப்ஷனில் போவது அந்த 15,000 மட்டும். ஃப்யூச்சரில் 28,000; அதுவும் அன்றாடம் கணக்கிலிருந்து கழியும், பணம் குறைந்தால் புரோக்கரே விற்றுவிடுவார். பங்கில் 25,000 குறைந்தாலும் காத்திருக்கலாம், கெடு கிடையாது.

இன்னொன்று: 2019 அக்டோபர் முதல் பங்கு ஆப்ஷன்களுக்கு டெலிவரிதான். பங்கு விலை ஸ்ட்ரைக்குக்கு மேல் இருக்கும் கால் ஆப்ஷனை முடிவு நாள்வரை வைத்திருந்தால் 5 லட்சம் கட்டிப் பங்கை எடுக்க வேண்டும். முன்பே விற்றுவிடுங்கள்.

செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஆண்டுகளில் ஃப்யூச்சர், ஆப்ஷன் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தேதி சொல்ல முடியாத கணிப்புக்கு, கையிலுள்ள பணத்துக்கு ஐம்பது பங்கானாலும் பங்காகவே வாங்குங்கள்.